மாசமா இருக்கும்போது வலி மாத்திரை, இருமல் மருந்து, கஷாயம்: ஒரு மெடிக்கல் கடைக்காரியின் அனுபவம்

திண்டுக்கல் பக்கம் ஒரு மெடிக்கல் கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "இடுப்பு வலிக்கு ஒண்ணு குடுங்க", "இருமலுக்கு நல்லதா ஒண்ணு" என்றுதான் கேட்பார்கள். வாங்க வருவது பெரும்பாலும் கணவர், அல்லது மாமியார், அல்லது பக்கத்து வீட்டுப் பையன். யாருக்கு என்று நாங்களாகக் கேட்டால்தான் "வீட்டுல மாசமா இருக்காங்க" என்கிற விஷயமே வெளியில் வரும். கேட்காமல் கொடுத்துவிடுகிற கடைகளும் உண்டு, கூட்ட நேரத்தில் அது நடக்கத்தான் செய்கிறது.

என் இரண்டாவது பிரசவத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்தில், சளி பிடித்து அது இருமலாக மாறி ஒரு பாடு படுத்தியது. இருமி இருமி வலது விலாவில் பிடித்துக்கொண்டு, திரும்பிப் படுக்கவே முடியாத அளவுக்கு வலி வந்துவிட்டது. அந்த நாட்களில் என்னைச் சுற்றி வந்து சேர்ந்த மருந்துகளை, எதை எடுத்தேன், எதை ஒதுக்கினேன், ஏன் ஒதுக்கினேன் என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். இது டாக்டரைப் பார்ப்பதற்குப் பதில் இல்லை, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

முதலில் வலிக்கு வருவோம். விலா வலி என்றதும் என் வீட்டுக்காரர் தன் அலுவலகப் பையில் எப்போதும் வைத்திருக்கிற மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "இதுலயும் பாராசிட்டமால்தானே இருக்கு, போட்டுக்கோ" என்றார். அட்டையின் பின்பக்கம் பார்த்தால் அசிக்லோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். அவர் சொன்னது பொய் இல்லை, பாராசிட்டமால் இருக்கிறதுதான். ஆனால் கூடவே இருக்கிற அசிக்லோஃபெனாக்தான் பிரச்சினை. நம் ஊரில் வலி மாத்திரை என்று புழங்குவதில் பாதிக்கு மேல் இப்படிச் சேர்க்கை மாத்திரைகள்தான். காம்பிஃப்ளாம் என்று கேட்டு வாங்குவதில் ஐப்யூப்ரூஃபன் 400, பாராசிட்டமால் 325. மாதவிடாய் வலிக்குப் பெண்கள் கைப்பையிலேயே வைத்திருக்கும் மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபெனமிக் ஆசிட். இடுப்பு வலிக்கு ஊசியாகவும் மாத்திரையாகவும் போடுவது டைக்ளோஃபெனாக். பெயர்கள் வேறு வேறு, வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

இவை எல்லாமே உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்கிற பொருள் சுரப்பதைக் குறைத்துத்தான் வலியையும் வீக்கத்தையும் அடக்குகின்றன. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கோ அதே பொருள் இரண்டு முக்கியமான வேலைகளுக்குத் தேவைப்படுகிறது. ஒன்று, குழந்தையின் சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாகப் போக வேண்டும். ஐந்தாம் மாதத்துக்கு மேல் பனிக்குடத் தண்ணீரில் பெரும்பகுதி குழந்தை கழிக்கிற சிறுநீர்தான், அதனால் சிறுநீரகம் சுணங்கினால் தண்ணீர் குறைந்துவிடும். இன்னொன்று, வயிற்றில் இருக்கும்வரை குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை என்பதால் இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் திறந்தே இருந்து, நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தைத் திருப்பி விடுகிறது. பிறந்த பிறகு மூட வேண்டிய குழாய் அது. கடைசி மூன்று மாதத்தில் இந்த மாத்திரைகளைப் போட்டால் அது முன்கூட்டியே சுருங்கிவிடக்கூடும்.

முன்பெல்லாம் 30 வாரத்துக்கு மேல்தான் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 20 வாரத்திலிருந்தே தவிர்க்கச் சொல்லி எச்சரிக்கை விட்டது. காரணம் இந்தத் தண்ணீர் குறைகிற விஷயம்தான். முதல் மூன்று மாதத்திலும் நாமாக எடுக்காமல் இருப்பதே நல்லது, கருக்கலைவோடு தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில இல்லை என்கின்றன. அதே சமயம், மாசமாக இருப்பது தெரியாமல் ஒன்றிரண்டு மாத்திரை போட்டுவிட்டேன் என்று அழுதுகொண்டு வருகிறவர்களும் உண்டு. ஒன்றிரண்டு மாத்திரையால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. அடுத்த முறை டாக்டரிடம் பெயரும் எத்தனை போட்டோம் என்பதும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் குறைவதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் கடைக்கு ஒருவர் பல்வலிக்கு என்று டைக்ளோஃபெனாக் வாங்கிப் போய்க்கொண்டே இருந்தார், தனக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவியே வந்தாள், எட்டாம் மாதம். "அக்கா, ஸ்கேன்ல தண்ணி கம்மியா இருக்குன்னு சொல்லிட்டாங்க, இளநீர் குடிச்சா ஏறுமா?" என்று கேட்டாள். ரிப்போர்ட்டில் பனிக்குட நீர் அளவு 6 என்று இருந்தது. 5-க்குக் கீழே போனால் குறைவு என்பார்கள், 8 வரைக்கும் எல்லைக்கோடு என்பார்கள். வேறு ஏதாவது மாத்திரை போடுகிறாயா என்று கேட்டபோதுதான் பல்வலி அவளுக்கு, கணவர் வாங்கிக் கொடுத்ததைக் காலையும் ராத்திரியும் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அவளுடைய டாக்டருக்கே அது தெரியாது. யாரும் கேட்கவில்லை, பல்வலியைப் பிரசவ டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவளும் நினைத்திருக்கிறாள். அன்றைக்கே திருப்பி அனுப்பினேன். மாத்திரையை நிறுத்தி, பல் டாக்டரிடம் மரத்துப்போகும் ஊசி போட்டு வேர் சிகிச்சையை ஆரம்பித்தார்கள் (அந்த ஊசியை மாசமாக இருக்கும்போது தாராளமாகப் போடலாம், பல் வைத்தியத்தைப் பிரசவம் வரைக்கும் தள்ளிப்போட வேண்டியதே இல்லை). அடுத்த ஸ்கேனில் தண்ணீர் 10 வந்திருந்தது. தண்ணீர் குறைய வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் மாத்திரை மேல் போட முடியாது. ஆனாலும் நிறுத்திய பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பதில் பலன் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரத்தக்கொதிப்பு வர வாய்ப்பு இருக்கிறவர்களுக்கு டாக்டரே ஆஸ்பிரின் 75 அல்லது 150 மில்லிகிராம் தினமும் எழுதிக் கொடுப்பார்கள். அது வலிக்கு இல்லை, அந்த அளவுக்கு மேலே சொன்ன எச்சரிக்கையும் பொருந்தாது. "வலி மாத்திரை கூடாதாமே" என்று கேள்விப்பட்டு அதை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொல்லாமல் நாமாக நிறுத்தவே கூடாது. தலைவலிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பெரிய அளவு ஆஸ்பிரின்தான் வேண்டாம்.

சரி, எனக்கு எது? வெறும் பாராசிட்டமால். வேறு எதுவும் சேராதது. 650 மாத்திரை ஒன்று ராத்திரி படுக்கப் போகும்போது, வலி தாங்க முடியாத அன்றைக்குப் பகலில் இன்னொன்று. இரண்டு மாத்திரைக்கு நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் விட்டேன். பாராசிட்டமாலுக்குப் பொதுவாக 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு, 50 கிலோவுக்குக் குறைவான உடம்புக்கு அதைவிடக் குறைவு. 650 மாத்திரையை நாளைக்கு நாலு தாண்டாமல் பார்த்துக்கொண்டால் 2.6 கிராம்தான் ஆகும், வரம்புக்குள்ளேயே இருப்போம். அதற்காக நாலு போட்டே ஆக வேண்டும் என்றில்லை, வலி அடங்குகிற அளவுக்கு, தேவைப்படுகிற நாளுக்கு மட்டும். இரண்டு மூன்று நாளில் அடங்கவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டுவதைவிட என்ன காரணம் என்று பார்ப்பதுதான் முறை.

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே பாராசிட்டமாலால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்கிற மாதிரிப் பேசியதும், கடைக்கு வந்த மாசமான பெண்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். காய்ச்சலோடு படுத்துக்கொண்டு மாத்திரை போடாமல் இருந்தவர்களும் உண்டு. 2024-ல் சுவீடனில் 24 லட்சத்துக்கும் மேலான குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை, ஒரு பிரசவத்தில் பாராசிட்டமால் எடுத்து இன்னொன்றில் எடுக்காத இடங்களில், ஒப்பிட்டுப் பார்த்தபோது தொடர்பு எதுவும் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அப்படித் தொடர்பு உறுதியாகவில்லை என்றே சொன்னது. அதிகக் காய்ச்சலை அப்படியே விடுவதுதான், அதிலும் முதல் மூன்று மாதத்தில், குழந்தைக்குக் கெடுதல். இதை நான் கவுண்டரில் நின்று எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

தேய்க்கிற மருந்து என்றால் பயமில்லை என்று நினைப்பு இருக்கிறது. ஜெல்லில் டைக்ளோஃபெனாக்கும், தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் என்று ஆஸ்பிரினுக்கு உறவான ஒன்றும் இருக்கும். தோல் வழியாகக் கொஞ்சம்தான் உள்ளே போகும் என்றாலும், கடைசி மூன்று மாதத்தில் டைக்ளோஃபெனாக் ஜெல் வேண்டாம், தைலத்தையும் இடுப்பு முதுகு முழுக்க அப்பித் தேய்த்துப் போர்த்திக்கொள்வது வேண்டாம். நான் துணியில் சுற்றிய வெந்நீர்ப் பையை விலாவில் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டேன், இருமல் வரும்போது ஒரு தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினேன். இந்தத் தலையணை விஷயம் சின்னதாகத் தோன்றும், செய்து பார்த்தால்தான் அருமை தெரியும்.

இருமலுக்கு வருவோம். கூட வேலை பார்க்கிற பெண் முதல் நாளே ஒரு சளி மாத்திரையும் ஒரு சிரப்பும் எடுத்து வைத்தாள். சளி மாத்திரையில் பாராசிட்டமால் 500, ஃபினைலெஃப்ரின் 10, குளோர்ஃபெனிரமின் 2. இங்கேதான் கணக்குப் போட வேண்டும். வலிக்கு 650 நாலு என்றால் 2,600, சளி மாத்திரை மூன்று வேளை என்றால் 1,500, மொத்தம் 4,100 மில்லிகிராம். உச்சவரம்பைத் தாண்டியாயிற்று, நமக்கே தெரியாமல். அந்த ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்காகச் சேர்ப்பது, ரத்தக்குழாய்களைச் சுருக்குகிற மருந்து. ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்களுக்கும் முதல் மூன்று மாதத்தில் இருக்கிறவர்களுக்கும் வேண்டாம் என்பார்கள். வாயால் விழுங்கினால் அது மூக்கடைப்புக்கு ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை என்று 2023-ல் அமெரிக்க நிபுணர் குழுவே சொல்லிவிட்டது. பலனே சந்தேகமாக இருக்கிறதை எதற்கு விழுங்க வேண்டும்? மூக்குக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து போட்டேன், வெறும் வெந்நீர் ஆவி பிடித்தேன். தும்மலும் மூக்கொழுகலும் அதிகமானால் செட்ரிசின் போடலாம் என்று டாக்டரம்மா சொன்னார், எனக்குத் தேவைப்படவில்லை.

சிரப் விஷயத்தில் லேபிளைப் படிப்பதுதான் ஒரே வழி, ஏனென்றால் ஒரே கம்பெனிப் பெயரில் நாலு விதம் வரும், பின்னால் இரண்டு எழுத்து மட்டும் மாறும், உள்ளே இருப்பது முழுக்க வேறாக இருக்கும். வறட்டு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் மட்டும் இருப்பது கொஞ்ச நாளைக்கு, டாக்டர் சொன்னால், எடுக்கலாம். கோடீன் இருப்பது வேண்டாம், பிரசவ நேரம் நெருங்கும்போது எடுத்தால் குழந்தை பிறந்ததும் மூச்சுவிடத் திணறும். டிராமடால் சேர்ந்த வலி மாத்திரைக்கும் இதே கதைதான். டெர்பூட்டலின், சால்பூட்டமால் சேர்ந்த சிரப் மூச்சுக்குழாய் சுருங்கி வீசிங் வந்தவர்களுக்கானது, சும்மா இருமலுக்குக் குடித்தால் நெஞ்சு படபடக்கும், சர்க்கரை ஏறும். ஆனால் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறவர்கள் மாசமானதும் அதை நிறுத்துவது பெரிய ஆபத்து, தாய்க்கு மூச்சு முட்டினால் குழந்தைக்குத்தான் முதலில் காற்று குறையும்.

தொண்டைக்குக் கொப்பளிக்கிற பழுப்பு நிற அயோடின் மருந்து ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அதை மாசமாக இருக்கும்போது தவிர்க்கச் சொல்வார்கள். அயோடின் உள்ளே போய்க் குழந்தையின் தைராய்டைப் பாதிக்கலாம் என்பதுதான் காரணம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் கல் உப்பு, அது போதும்.

இப்போது எங்கள் அத்தை. அவர் கைப்பக்குவத்தில் நான் எதையும் சந்தேகப்படுகிறவள் இல்லை, என் முதல் குழந்தையை வளர்த்ததே அவர்தான். என் இருமலைக் கேட்டுவிட்டுக் கொல்லையில் இருந்து ஆடாதோடை இலையைப் பறித்து, அதிமதுரம், திப்பிலி, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்து நின்றார். மற்றவர்களுக்கு இருமலுக்கு இது நல்ல மருந்து. ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்கிற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற இங்கிலீஷ் மருந்தையே உண்டாக்கினார்கள், சளி இளக்குகிற பாதிச் சிரப்பில் அது இருக்கிறது. ஆனால் அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கிற குணமும் உண்டு. கிராமத்தில் பழைய மருத்துவச்சிகள் ஆடாதோடையைக் கருவைக் கலைக்கவும் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கஷாயமாகவும் வேண்டாம், கடையில் பாட்டிலில் வருகிற ஆடாதோடை மணப்பாகும் வேண்டாம்.

நான் "அத்தை, இது வேண்டாம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆடாதோடை ஏன் வேண்டாம் என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார், "ஆமா, எங்கம்மா காலத்துல அதுக்கும்தான் குடுப்பாங்க" என்றார். அதிமதுரம்தான் அவரால் நம்ப முடியவில்லை. தொண்டை கரகரத்தால் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வது நமக்கு அவ்வளவு சாதாரணம். தாயின் உடம்பில் சுரக்கிற கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் குழந்தைக்கு அளவுக்கு மேல் போகாமல் நச்சுக்கொடியில் ஒரு நொதி தடுக்கிறது. அதிமதுரத்தில் இனிப்பைத் தருகிற பொருள் அந்த நொதியை மட்டுப்படுத்திவிடும். பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் நிறையச் சாப்பிடுவார்கள், அங்கே மாசமாக இருந்தபோது அதிகம் சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்ததில் அவர்களுக்கு அறிவுத்திறன் சோதனையில் மதிப்பெண் குறைவாக இருந்தது. அது தவிர, தாய்க்கு ரத்தக்கொதிப்பை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். எப்போதோ ஒரு நாள் ஒரு துண்டு கடித்ததால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் கஷாயம், சூரணம், மூலிகை இருமல் மிட்டாய் என்று சேர்ந்துகொண்டே போவதுதான் பிரச்சினை. மூலிகை சிரப் எதை எடுத்தாலும் பின்னால் படித்துப் பாருங்கள், ஆடாதோடையோ அதிமதுரமோ, பெரும்பாலும் இரண்டுமோ இருக்கும்.

கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். சமையலில் போடுகிற அளவில் இருப்பதெல்லாம் சரி, மருந்தாக வடித்துக் குடிப்பது வேண்டாம். மிளகு ரசம் ராத்திரி சூடாக ஒரு டம்ளர். சுக்கு, மல்லி தட்டிப் போட்ட காப்பி ஒரு வேளை. இஞ்சி நாளைக்கு ஒரு சின்னத் துண்டு. பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள். படுக்கும்போது ஒரு ஸ்பூன் தேன், தொண்டையில் அது படிகிறபோது வறட்டு இருமல் உண்மையிலேயே கொஞ்சம் அடங்குகிறது. தேன் தாய்க்குத்தான், பிறந்த பிள்ளைக்கு ஒரு வயது வரைக்கும் நாக்கில் கூட வைக்கக் கூடாது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குளுக்கோஸ் குடித்து எடுத்த டெஸ்டில் சர்க்கரை இருக்கிறது என்று வந்தவர்களுக்குத் தேனும் பனங்கற்கண்டும் சர்க்கரைதான், லேகியமும் சாதாரண இருமல் சிரப்பும் கூட அதே கணக்கில்தான் சேரும்.

நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் இரண்டையும் மழைக்காலத்தில் தெருவில் வைத்தே கொடுப்பார்கள், மாசமான பெண்களும் வரிசையில் நிற்பார்கள். கபசுரத்தில் இருக்கும் 15 சரக்கில் ஆடாதோடையும் நிலவேம்பும் உண்டு. நிலவேம்பு கருத்தரிப்பதையும் கரு தங்குவதையும் பாதிப்பதாக விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. நான் குடிக்கவில்லை. சித்த மருத்துவரே உங்களைப் பார்த்து, எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது வேறு, தெருமுனையில் டம்ளரில் வாங்கிக் குடிப்பது வேறு. உடம்பு வலிக்கும் அசதிக்கும் வாங்குகிற அமுக்கரா சூரணமும் (அசுவகந்தா என்று மாத்திரையாகவும் வருகிறது) மாசமாக இருக்கும்போது தள்ளி வைக்க வேண்டியதுதான்.

டானிக் என்று வரும்போது நான் பார்ப்பது இரண்டு. ஒன்று அரிஷ்டம். அது புளிக்க வைத்துச் செய்வது, அதிலேயே தானாக உண்டாகிற ஆல்கஹால் இருக்கும், பாட்டிலின் மேலேயே சின்ன எழுத்தில் இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். இன்னொன்று பற்பம், செந்தூரம். உலோகத்தைப் புடம் போட்டுச் செய்கிறவை. நியூயார்க்கில் 2011, 2012-ல் மாசமாக இருந்த ஆறு பெண்களுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள், ஆறு பேருமே இந்தியாவில் செய்த ஆயுர்வேத மாத்திரை எடுத்தவர்கள். ஈயம் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளைக்குப் போகும், எடுத்துக்கொள்கிற தாய்க்கோ ரொம்ப நாள் எதுவுமே தெரியாது. ஆண் குழந்தை பிறக்கும், குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று பொட்டலத்தில் கொடுப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு, பெயரும் சரக்குப் பட்டியலும் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள். பிரசவ லேகியம் என்று அம்மா வீட்டில் கிண்டி வைப்பது பிரசவத்துக்குப் பிறகு சாப்பிடுவது, முன்கூட்டியே ருசி பார்க்க வேண்டாம்.

இவ்வளவு செய்தும் என் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியது. சளிக்குப் பின்னால் வருகிற இருமல் மூன்று வாரம் வரைக்கும் இழுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய் இல்லை என்று பார்த்துவிட வேண்டும், மாசமாக இருந்தால் இன்னும் கட்டாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி டெஸ்ட் இலவசம், கொடுத்தேன், இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகு டாக்டரம்மா கேட்ட ஒரு கேள்விதான் விஷயத்தை முடித்தது. "எப்ப அதிகமா வருது?" யோசித்துப் பார்த்தால், சாப்பிட்டுப் படுத்த அரை மணி நேரத்தில். நெஞ்செரிச்சலும் இருந்தது, அது எல்லாருக்கும் இருப்பதுதானே என்று நான் அதைச் சொல்லவே இல்லை. வயிறு பெரிதாகி இரைப்பையை மேலே தள்ளும்போது அமிலம் தொண்டைக்கு வந்து, அதுவே இருமலைக் கிளப்பிக்கொண்டிருந்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்தேன், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஒவ்வொரு செங்கல் வைத்தோம், இடது பக்கம் சாய்ந்து படுத்தேன், எழுதிக் கொடுத்த அமிலம் குறைக்கிற சிரப்பைக் குடித்தேன். ஒரு வாரத்தில் இருமல் அடங்கியது, இருமல் அடங்கியதும் விலா வலியும் போய்விட்டது. எந்த இருமல் சிரப் குடித்திருந்தாலும் அது போயிருக்காது.

மாத்திரை போட்டு அடக்கவே கூடாத வலிகளும் உண்டு. ஐந்தாம் மாதத்துக்கு மேல் விடாத தலைவலி, கண் மங்கலாகவோ பூச்சி பறக்கிற மாதிரியோ தெரிவது, வலது விலாவுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இதில் எது வந்தாலும் முதலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். எனக்கு வலி வலது விலாவிலேயே இருந்ததால் டாக்டரம்மா முதல் வேலையாக அதைத்தான் பார்த்தார், சிறுநீரில் புரதமும் பார்த்தார். 140/90 இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இருமும்போது சிறுநீர் சொட்டுவது சகஜம், ஆனால் இருமாதபோதும் தண்ணீர் மாதிரி நிற்காமல் கசிந்தால் அது பனிக்குடமாக இருக்கலாம், பேட் ஒன்று வைத்துக்கொண்டு உடனே போய்விட வேண்டும். 100.4-க்கு மேல் காய்ச்சல் மாத்திரைக்கும் இறங்காதது, மூச்சு வாங்குவது, சளியில் ரத்தம், குழந்தையின் அசைவு குறைவது, இதற்கெல்லாம் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியில் போகலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் 104-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம், போக வண்டி வேண்டுமென்றால் 108.

எங்கள் கவுண்டரில் இப்போது வலி மாத்திரையோ இருமல் மருந்தோ கேட்டால், யாருக்கு, மாசமா இருக்காங்களா, எத்தனாவது மாசம், வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று கேட்காமல் எடுத்துக் கொடுப்பதில்லை. சிலர் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை. உங்கள் ஊர்க் கடையில் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள், வாங்க ஆளனுப்பினால் ஒரு துண்டுச் சீட்டில் மாதத்தையும் எழுதி அனுப்புங்கள். செக்கப்புக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டை, பாட்டில், சூரண டப்பாவின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், கஷாயம் என்றால் அதில் என்னென்ன போட்டார்கள் என்று அத்தையிடமோ அம்மாவிடமோ கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.